வளைபாதக் குழந்தைக்கு மாவுக்கட்டு: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்த குழந்தையின் பாதம் உள்நோக்கித் திரும்பி, குதிகால் மேலேறி, உள்ளங்கால் மறுகாலைப் பார்த்தபடி இருந்தால் அதைப் பிறவி வளைபாதம் என்கிறோம். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது காணப்படுகிறது. கர்ப்பிணி கிரகணத்தின்போது வெளியே வந்ததால் இது வருவதில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், தாயின் மீது பழி போடும் பேச்சிலேயே சில வீடுகளில் சிகிச்சைக்குரிய வாரங்கள் கழிந்துவிடுகின்றன என்பதுதான்.

எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் நேராகிவிடும் என்று காத்திருப்பது முதல் தவறு. கருப்பையில் மடங்கிக் கிடந்ததால் மட்டும் திரும்பியிருக்கும் பாதம், விரலால் மெல்லத் தள்ளினாலே நேராகி, முன்பக்கமாக மேலேயும் மடங்கும். உண்மையான வளைபாதம் அப்படி மடங்காது. அதன் தசைநார்களும் குதிகால் தசைநாணும் குறுகி இறுகியிருக்கும். பிறந்த சில வாரங்களில் அந்த நார்கள் இழுப்புக்கு நன்றாக இணங்கும். கணுக்கால் பகுதியின் எலும்புகளும் அப்போது பெரும்பாலும் குருத்தெலும்பாக இருப்பதால், எந்த நிலையில் பிடித்து வைக்கிறோமோ அந்த நிலைக்கேற்ப வடிவம் கொள்ளும். தொடக்கத்திலேயே மாவுக்கட்டு போடச் சொல்வதற்கு இதுவே அடிப்படை. வீட்டில் உருவிவிடும் பாதம் அடுத்த நிமிடமே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்; கட்டோ பெற்ற திருத்தத்தை ஒரு வாரம் முழுவதும் பிடித்து வைக்கிறது. இம்முறையை 1940களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர் இக்னாசியோ பொன்செட்டி.

இடது பாதம் வளைந்த, பத்து நாளான ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் பாதத்தைச் சில நிமிடங்கள் மென்மையாக இழுத்துத் திருத்தி, விரல்நுனி முதல் தொடை வரை, முழங்காலை மடக்கிய நிலையில் கட்டுப் போடுவார். வாரம் ஒருமுறை புதிய கட்டு. பொதுவாக ஐந்து முதல் ஏழு கட்டுகள் தேவைப்படும். முழங்காலுக்குக் கீழே மட்டும் போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது, குட்டைக் கட்டு எளிதில் நழுவும், பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பிப் பிடிக்கவும் அதனால் இயலாது.

கட்டு இருக்கும் நாட்களில் விரல்களைக் கவனிக்கத் தவறக் கூடாது. விரல்நுனியை அழுத்தி விட்டால் வெளுத்து, உடனே சிவக்க வேண்டும். நீலம் பாரித்தாலோ, குளிர்ந்தாலோ, குழந்தை எதற்கும் அடங்காமல் அழுதாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நேற்றுத் தெரிந்த விரல்கள் இன்று கட்டுக்குள் மறைந்திருந்தால் கட்டு நழுவிவிட்டது என்று பொருள். அடுத்த முறைக்கு முந்தைய இரவே வீட்டில் கட்டை ஊறவைத்துக் கழற்றுவதும் தவறுதான். சில மணி நேரத்திலேயே திருத்தத்தின் ஒரு பகுதி கைநழுவிப் போகும்.

பாதம் வெளிப்புறமாகத் திரும்பிய பின்னும் குதிகால் இறங்காமல் இருப்பது வழக்கம். அப்போது பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணை, பொதுவாக அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, சிறு கீறல் வழியாக வெட்டிவிடுவார்கள். வெட்டு என்ற சொல்லைக் கேட்டுப் பெற்றோர் பின்வாங்குவதுண்டு. நம் குழந்தைக்குக் கடைசிக் கட்டு மூன்று வாரம் இருக்கும். அதற்குள் தசைநாண் தேவையான நீளத்தில் மீண்டும் சேர்ந்துவிடும். இதைத் தவிர்த்துவிட்டுப் பாதத்தை வலிந்து மேலே மடக்கினால், குதிகால் இறங்காமல் நடுப்பாதம் மட்டும் வளைந்து, உள்ளங்கால் படகின் அடிபோலப் புடைத்துவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதற்குப் பிறகுதான் நேர்கிறது. கட்டைப் பிரித்ததும் பாதம் நேராக, அழகாக இருக்கும். ஆகவே சிகிச்சை முடிந்தது என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் இறுகச் செய்யும் தன்மை அந்தத் திசுக்களில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இரண்டு காலணிகளை ஒரு கம்பியில் பொருத்திய பிரேஸை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு இரவிலும் பகல் தூக்கத்திலுமாக நான்கு அல்லது ஐந்து வயது வரையும் அணிவிக்கச் சொல்கிறார்கள். முதல் சில நாட்கள் குழந்தை அழும். அழுகைக்காகக் கழற்றினால், அழுதால் கழற்றுவார்கள் என்று அது பழகிக்கொள்ளும். இரு கால்களையும் சேர்த்து நீட்டி மடக்கி விளையாட்டுக் காட்டினால் பெரும்பாலும் இணங்கிவிடும். தோல் சிவந்து கொப்பளித்தால் மட்டும் காலணியின் பொருத்தத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

நம் குழந்தை எட்டாவது மாதத்தில் பிரேஸை நிறுத்திவிட்டதாக வைத்துக்கொள்வோம். குதிகால் காலணிக்குள் படியாமல் மேலேறுவதோ, நடக்கத் தொடங்கிய பின் பாதத்தின் வெளிவிளிம்பில் ஊன்றுவதோ முதல் அறிகுறியாக இருக்கலாம். அப்போதே சென்றால் இரண்டு மூன்று கட்டுகளிலும், மறுபடி பிரேஸிலும் பெரும்பாலும் சரிசெய்துவிட முடியும். மூன்று வயதைத் தாண்டிய பின் மீண்டும் மீண்டும் திரும்பினால், காலின் முன்பக்கத் தசைநாண் ஒன்றை இடம் மாற்றும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.