யாருக்கு எழுதுகிறோம்? சொந்த அனுபவக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் நாங்கள் சில பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடி, எழுதியதை வாசித்துக் காட்டுவோம். எழுத்துப்பிழை, நீளம் பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை; யாரை மனதில் வைத்து எழுதுகிறோம் என்பதைப் பற்றி மட்டும். போன மாதம் ஒரு தம்பி வாழைத்தோட்டத்தில் அப்பா பட்ட பாட்டை வாசித்தான். நான் ஒரு காலத்தில் பண்ணின அதே கோளாறு.

நம்மைத் தெரியாதவரை வாசகராக வைத்துக்கொள்வது

நான் எழுதியது அம்மா பீடி சுற்றியதைப் பற்றி. மனதில் இருந்தவர் சென்னையில் ஒரு பத்திரிகை ஆசிரியர். அவர் பீடித்தட்டைப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைத்து, இலையை நனைப்பது, அளவுத் தகடு வைத்து வெட்டுவது, தூள் வைத்துச் சுருட்டி நூல் கட்டுவது என ஒரு பக்கம் விளக்கினேன். அது வரைக்கும் சரி. அப்புறம் ஒரு வரி: "அம்மாவின் விரல்கள்தான் என்னைப் பட்டதாரி ஆக்கின."

அச்சாகி வந்ததும் தங்கச்சி படித்தாள். "நல்லாத்தான் இருக்குண்ணே. நானும் சுத்துனேம்லா, என்னைய எங்க காணும்?"

எட்டாவதோடு நின்று, அம்மாவுக்கு எதிரே தட்டோடு உட்கார்ந்தவள் அவள். என் காலேஜ் பீஸில் அவள் சுற்றின கட்டுகளும் உண்டு. மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. சென்னைக்காரர் கேட்க மாட்டார், அதனால் எனக்கு நினைவே வரவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஒன்றும் தெரியாதவர் இரக்கப்படத்தான் செய்வார், குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்.

தங்கச்சியை எதிரே உட்கார வைத்து மறுபடி எழுதினேன். விரல் வரி தானாகப் போய்விட்டது. அவளிடம் அதைச் சொன்னால் சிரிப்பாள். அந்த இடத்தில் வேறொன்று வந்தது: ராத்திரி குண்டு பல்புக்கு அடியில் நான் கணக்குப் போட, அவள் நூல் கட்டிக்கொண்டிருக்கிறாள். "நோட்டுல தூள் விழுது, தள்ளி இரு" என்கிறேன்.

உங்கள் கட்டுரையிலும் ஒவ்வொரு வரியையும் கூட இருந்தவரிடம் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். எந்த வரியில் வாய் கூசுகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள்.

சொந்தக்காரர் எல்லோருக்குமாக எழுதுவது

கல்யாணப் பத்திரிகை மாதிரி எல்லார் பேரும் வரும். விஷயம் வராது.

கோபம் உள்ள ஆளுக்கு எழுதுவது

வக்கீல் நோட்டீஸ்.

கூட இருந்தவருக்கு எழுதியதை அப்படியே அனுப்புவது

தங்கச்சிக்கு எழுதியதில் 'தட்டு' என்று மட்டும் இருந்தது. வெளியாள் அதைச் சோற்றுத்தட்டு என்று நினைப்பார். அதனால் விளக்கத்தை இரண்டாவது தடவை திருத்தும்போது, அது இல்லாவிட்டால் குழம்பும் இடத்தில் மட்டும் சேர்த்தேன்.

அனுப்பும் முன் அவளிடம் கொடுத்தேன். 'தள்ளி இரு' வரியை அப்படியே இருக்க விட்டாள். எனக்காகப் படிப்பை விட்டாள் என்று எழுதியிருந்த வரியை அடித்தாள்.

"ஒனக்காவலாம் இல்லண்ணே. கணக்கு வாத்தியாருக்குப் பயந்து நின்னேன்."