ஜவ்வரிசி ஆலை மண்ணில் நொதி தரும் பாக்டீரியாவைத் தேடுவது: ஸ்டார்ச் தட்டு, பால் தட்டு செய்முறை

தர்மபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் மரவள்ளிக்கிழங்கு அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகள் உண்டு. திப்பி காயவைக்கும் களத்தின் ஓரத்திலும் கழிவுநீர் வழிந்தோடும் இடத்திலும் மாவுச்சத்து ஓயாமல் மண்ணில் விழுந்துகொண்டே இருக்கும். அதை உடைத்துத் தின்னத் தெரிந்த பாக்டீரியாவுக்கு அங்கே கொண்டாட்டம். மாவுச்சத்தை உடைக்கும் நொதி அமைலேஸ். பால் புரதமான கேசினை உடைப்பது புரோட்டியேஸ். முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஒரு பிடி மண்ணிலிருந்து இந்த இரண்டையும் தரும் காலனிகளை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதுதான் இந்தப் பதிவு. கல்லூரி ஆய்வகத்தில் இருப்பதை வைத்தே செய்துவிடலாம். வீட்டில் மட்டும் வேண்டாம். மண்ணிலிருந்து என்ன வளர்ந்து வரும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

முதலில் மண். ஆலைக்காரரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். மேலே காய்ந்து கிடக்கும் மண்ணைத் தள்ளிவிட்டு, 5 முதல் 10 செ.மீ ஆழத்தில், ஸ்பிரிட் போட்டுத் துடைத்த கரண்டியால் எடுத்துப் புதுப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடவும். இடம், தேதி, ஆழம் மூன்றையும் அங்கேயே பையில் எழுதிவிடுங்கள். அன்றைக்கே வேலையைத் தொடங்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க ஆலைக்குத் தொலைவில் இருக்கும் மாந்தோப்பிலிருந்தும் கொஞ்சம் செம்மண் எடுத்து வந்தால், ஆலை மண் என்ன வித்தியாசம் காட்டுகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

தட்டு ஊற்றுவது

இரண்டு வகைத் தட்டும் தலா 200 மி.லி. செய்தால் ஒவ்வொன்றிலும் பத்துத் தட்டு வரும். ஒரு தட்டுக்கு 20 மி.லி. கணக்கு.

ஸ்டார்ச் தட்டுக்கு: பெப்டோன் 1 கிராம், மாட்டிறைச்சிச் சாறு 0.6 கிராம், கரையும் ஸ்டார்ச் 2 கிராம், அகர் 3 கிராம், தண்ணீர் 200 மி.லி. ஸ்டார்ச்சை நேராகக் கொதிக்கும் திரவத்தில் கொட்டினால், களி கிண்டும்போது மாவு கட்டி தட்டுவதுபோல் கட்டி தட்டிவிடும். எடுத்துவைத்த தண்ணீரில் கொஞ்சத்தைத் தனியே பச்சைத் தண்ணீராக ஒதுக்கி, அதில் ஸ்டார்ச்சைக் கரைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் சூடாகி அகர் கரைந்த பிறகு அதைக் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். கடைசியில் இந்தத் தட்டில் அயோடின் ஊற்றி, காலனியைச் சுற்றி ஸ்டார்ச் உடைந்து நிறம் பிடிக்காத வளையத்தைத் தேடப்போகிறோம். கட்டி தட்டிய இடத்தில் அயோடின் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், வளையம் எது, கட்டி எது என்று தெரியாது. பிறகு ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடம்.

பால் தட்டில் ஒரு கவனம் வேண்டும். பாலையும் அகரையும் ஒரே குடுவையில் போட்டு ஆட்டோகிளேவ் செய்தால் பால் திரிந்து, திப்பிதிப்பியாக அடியில் தங்கும். அதனால் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 2 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து ஒரு குடுவையிலும், 200 மி.லி.க்கு வேண்டிய பெப்டோன், சாறு, அகரை மீதி 100 மி.லி. தண்ணீரில் இன்னொன்றிலும் வையுங்கள். பாலை 10 முதல் 15 நிமிடத்துக்கு மேல் சூடாக்க வேண்டாம், பழுப்பு நிறமாகிவிடும். இரண்டும் கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது சுமார் 55 டிகிரிக்கு வந்ததும் ஒன்றாகக் கலந்து உடனே ஊற்றுங்கள். சரியாக வந்த தட்டு மோர் நிறத்தில், எல்லாப் பக்கமும் ஒரே வெண்மையாக இருக்கும்.

இங்கே கோடையில் ஊற்றிய தட்டின் மூடியில் நீர்த்துளி கோத்துக்கொள்ளும். அந்தத் துளி கீழே சொட்டினால் ஒரு காலனி வழிந்து நாலு காலனியாகிவிடும். எனவே தட்டுகளை ஒரு நாள் கவிழ்த்து வைத்து உலர்த்திவிட்டுப் பயன்படுத்துங்கள். இந்த ஒரு நாளில் எதிலாவது ஏதாவது முளைத்திருந்தால் அந்தத் தட்டைக் கழித்துவிடலாம். அதுவே நல்ல சோதனை.

மண்ணை நீர்க்கவைப்பது

1 கிராம் மண்ணை 9 மி.லி. ஸ்டெரைல் உப்புநீரில் (0.85 சதவீதம்) போட்டு நன்றாகக் குலுக்குங்கள். இதிலிருந்து 1 மி.லி. எடுத்து அடுத்த 9 மி.லி. குழாயில், அதிலிருந்து அடுத்ததில் என்று 10⁻⁶ வரை போங்கள். ஒவ்வொரு குழாய்க்கும் புது பிப்பெட் முனை. முதல் குழாயை 80 டிகிரி தண்ணீர்க் குளியலில் 10 நிமிடம் வைத்துவிட்டு மற்றதைத் தொடர்ந்தால், ஸ்போர் உருவாக்கும் பேசில்லஸ் வகைகள்தான் பெரும்பாலும் மிஞ்சும். வெளியில் நொதியைச் சுரக்கும் வேலையில் இந்தக் குடும்பம் கெட்டிக்காரக் குடும்பம். ஆனால் சூடோமோனாஸ் போன்றவற்றை இந்தச் சூட்டில் இழந்துவிடுவீர்கள். அதனால் மண்ணைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைச் சுட்டும் மறு பாதியைச் சுடாமலும் செய்வதுதான் என் விருப்பம். சூடாக்கிய வரிசையில் எண்ணிக்கை குறைந்துவிடும், எனவே அதில் 10⁻² முதல் 10⁻⁴ வரை போதும்.

சுடாத வரிசையில் 10⁻⁴, 10⁻⁵, 10⁻⁶ குழாய்களிலிருந்தும், சுட்ட வரிசையில் மேலே சொன்ன குழாய்களிலிருந்தும் தலா 0.1 மி.லி.யைச் சாதாரண நியூட்ரியன்ட் அகர் தட்டில் பரப்புங்கள். 30 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். 30 முதல் 300 காலனி வரை உள்ள தட்டே உங்கள் தட்டு. அதைவிட நெருக்கமாக இருந்தால் காலனிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எது எதன் வளையம் என்று சொல்ல முடியாது.

இங்கேதான் பலர் நேராக ஸ்டார்ச் தட்டில் பரப்பி, அயோடின் ஊற்றி, வளையத்தைக் கண்டு மகிழ்ந்து, பிறகு அந்தக் காலனியை எடுக்கப் போவார்கள். அயோடின் பட்ட காலனி பெரும்பாலும் செத்திருக்கும். ஆகவே அயோடினுக்கு முன்பே ஒவ்வொரு காலனிக்கும் ஒரு நகல் இருக்க வேண்டும்.

மாஸ்டர் தட்டு

ஒரு நியூட்ரியன்ட் அகர் தட்டின் அடியில் மார்க்கரால் கட்டம் போட்டு எண் கொடுங்கள். 20 கட்டம் போதும், அதற்கு மேல் நெருங்கிவிடும். பரப்பிய தட்டில் பார்வைக்கு வேறுபட்ட காலனிகளை ஸ்டெரைல் குச்சியால் தொட்டு, ஒரே குச்சியால் வரிசையாக மூன்று தட்டில் புள்ளி வையுங்கள்: முதலில் ஸ்டார்ச் தட்டு, அடுத்து பால் தட்டு, கடைசியில் மாஸ்டர் தட்டு. மூன்றிலும் ஒரே எண்ணில். ஆனால் ஸ்டார்ச் தட்டிலும் பால் தட்டிலும் புள்ளிகளை நெருக்காமல் தட்டுக்கு 5 அல்லது 6 வையுங்கள். வளையம் 2 செ.மீ வரை விரியக்கூடும், பக்கத்துக் காலனியின் வளையத்தோடு ஒட்டிக்கொண்டால் அளவெடுப்பது வீண். கூடவே ஒரு புள்ளி தெரிந்த பேசில்லஸ் சப்டிலிஸ், ஒரு புள்ளி இ.கோலை. முதலாவது வளையம் காட்ட வேண்டும், இரண்டாவது காட்டக்கூடாது. இந்த இரண்டும் சொன்னபடி நடக்காத தட்டில் மற்ற எதையும் நம்பாதீர்கள்.

படித்துப் பார்ப்பது

24 மணி நேரம் கழித்துப் பால் தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கருப்புத் தாளை அடியில் வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். வெண்மைக்கு நடுவே காலனியைச் சுற்றிக் கண்ணாடிபோல் தெளிந்த வளையம் இருந்தால் கேசின் உடைந்திருக்கலாம். ‘இருக்கலாம்’ என்கிறேன். சில காலனிகள் சுற்றியுள்ள அமில, காரத் தன்மையை மாற்றுவதாலேயே பால் தெளிந்ததுபோல் காட்டும். சில காலனிகளைச் சுற்றி மாறாக அடர்ந்த வெள்ளை வளையம் வரும். அது பாலின் லாக்டோஸ் சர்க்கரையிலிருந்து அமிலம் உண்டாகிப் பால் திரிந்தது, உடைந்தது அல்ல. சந்தேகம் தீர, 10 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை மெல்லிய படலமாக ஊற்றுங்கள். உடையாத கேசின் உடனே திரிந்து வெளுக்கும், உண்மையாகவே உடைந்த இடம் தெளிவாகவே நிற்கும். இது தோலைச் சுட்டுவிடும் அமிலம், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அமிலம் ஊற்றிய தட்டுக்கு மறுபடி உயிர் கிடையாது, மாஸ்டர் தட்டு இருப்பதால் கவலை இல்லை.

ஸ்டார்ச் தட்டுக்கு அயோடின் கரைசல்: பொட்டாசியம் அயோடைடு 2 கிராமைச் சில மி.லி. தண்ணீரில் கரைத்து, அதில் அயோடின் 1 கிராமைப் போட்டுக் கரைந்ததும் 300 மி.லி.க்குத் தண்ணீர் சேருங்கள். வெறும் தண்ணீரில் அயோடின் கரையாது, அதனால்தான் இந்த வரிசை. தட்டு மூடும் அளவுக்கு ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு, மிச்சத்தைச் சாய்த்து எடுத்துவிடுங்கள். ஸ்டார்ச் இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். அமைலேஸ் உள்ள காலனியைச் சுற்றி நிறமில்லாத அல்லது வெளிர்மஞ்சள் வளையம் நிற்கும். சிவப்புப் பழுப்பு வளையம் வந்தால் ஸ்டார்ச் முழுதாக உடையாமல் டெக்ஸ்ட்ரினில் நின்றிருக்கிறது என்று பொருள். கொஞ்ச நேரத்தில் நீலம் மங்கத் தொடங்கும், அதற்குள் அளவுகோலோடு தயாராக இருங்கள். வளையமே தெரியாத காலனியை லூப்பால் வழித்துவிட்டுப் பாருங்கள், சிலதில் காலனிக்கு நேர் கீழே மட்டும் தெளிவு இருக்கும். அது மிகப் பலவீனமான அமைலேஸ்.

இரண்டு காலனியை ஒப்பிடுவது

அளவில் ஒரு எளிய கணக்கு உண்டு: வளையத்தின் மொத்த விட்டத்தைக் காலனியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். ஸ்டார்ச் தட்டில் 7ஆம் எண் காலனி 4 மி.மீ, அதன் வளையம் 18 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். 11ஆம் எண் காலனி 9 மி.மீ, வளையம் 20 மி.மீ. வளையத்தை மட்டும் பார்த்தால் 11 வென்றதாகத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் 7க்கு 4.5, 11க்குச் சுமார் 2.2. சிறிய காலனி தன் உருவத்துக்குக் கூடுதலாகவே சுரக்கிறது. முதலில் எடுத்துவைக்க வேண்டியது 7. பால் தட்டிலும் 7 வளையம் காட்டினால் இரண்டு நொதியும் தரும் காலனி என்று தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த எண்ணை ‘இவ்வளவு நொதி’ என்று யாரும் படிக்கக்கூடாது. தட்டு தடிமனாக இருந்தால் வளையம் சுருங்கும், மெலிந்தால் விரியும். ஒரு நாள் கூடுதலாக வைத்தால் எல்லாமே பெரிதாகிவிடும். சிறு மூலக்கூறாக இருக்கும் நொதி அகரில் தூரமாக நகரும், பெரியது நகராது. ஆகவே ஒரே நாளில், ஒரே குடுவையில் ஊற்றிய தட்டுகளில், ஒரே நேரம் வைத்த காலனிகளை மட்டும் ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று புள்ளியாவது வைத்துச் சராசரி எடுங்கள். உண்மையான அளவு வேண்டுமென்றால் மேலே வந்த மூன்று நான்கு காலனிகளைத் திரவ ஊடகத்தில் வளர்த்து, டி.என்.எஸ். முறையில் உருவான சர்க்கரையை அளக்க வேண்டும். தட்டில் முதலாவது வந்தது திரவத்தில் மூன்றாவது வருவது வழக்கம்தான்.

தேர்ந்தவற்றை மாஸ்டர் தட்டிலிருந்து எடுத்துப் புதுத் தட்டில் கோடிழுத்து, ஒரே மாதிரிக் காலனி மட்டும் வரும்வரை திரும்பச் செய்யுங்கள். தூய்மை ஆகாத புள்ளியில் இரண்டு பாக்டீரியா கலந்திருக்கும், அப்போது வளையத்துக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி கடைசிவரை தீராது. தூய்மையானதை 20 சதவீத கிளிசராலில் கலந்து மைனஸ் 20 டிகிரியில் வைக்கலாம், அல்லது சாய்வு அகரில் வளர்த்து ஃபிரிட்ஜில் வைத்து மாதம் ஒருமுறை புதுப்பிக்கலாம். தட்டுகளைக் கழுவும் முன், ஒன்று விடாமல் மறுபடி ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். அமிலம் ஊற்றிய தட்டுகளை மட்டும் தனியே ஒதுக்கி, அமிலத்தை ஆய்வகத்தின் ரசாயனக் கழிவுப் புட்டியில் ஊற்றிவிட்டு அப்புறம் வையுங்கள். வெப்பத்தில் அது ஆவியாகி ஆட்டோகிளேவையும் கெடுக்கும், மூச்சையும் கெடுக்கும்.