ச. கவிதாவும் பாஸ்போர்ட் கவிதாவும்: பிரிட்டன் ஸ்பௌஸ் விசாவுக்குத் திருமணச் சான்றிதழைச் சரிசெய்தது

கோத்தகிரியில் பதிவான தமிழ்ச் சான்றிதழில் மனைவி பெயர் 'ச. கவிதா'. பாஸ்போர்ட்டில் பெயர் KAVITHA, குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் SANMUGAM. முதல் மொழிபெயர்ப்பில் 'Kavita Shanmugam' என்று வந்திருந்தது. இரண்டு தப்பு.

கவிதாவை ஆங்கிலத்தில் எப்படியும் எழுதலாம் என்பதால், பாஸ்போர்ட் எழுத்தையே கேட்டு வாங்கலாம்; அது மூலத்தை மாற்றுவதாகாது. ஆனால் 'ச.' என்பதை முழுப்பெயராக விரித்தது மூலத்தில் இல்லாததைச் சேர்த்தது. மறுபடி 'S. Kavitha' என்றே போடச் சொன்னோம். அந்த 'ச' அப்பா பெயரின் முதலெழுத்து என்பதை, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற நோட்டரி அஃபிடவிட்டில் சொல்லி, அப்பா பெயருள்ள பிறப்புச் சான்றிதழையும் வைத்தோம். இனிஷியல் வித்தியாசத்துக்காக மட்டும் பொதுவாக விசா போய்விடாது. விளக்கமில்லாமல் விட்டால்தான் இது வேறு ஆளோ என்ற சந்தேகம் வரும்.

தேதியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கல்யாணம் 06.02.2023, பதிவு 03.03.2023. விண்ணப்பத்தில் கேட்பது கல்யாணத் தேதி. நாங்கள் முதலில் பதிவுத் தேதியைப் போட்டிருந்தோம். மொழிபெயர்ப்பில் மாதத்தை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் 06.02-ஐ ஜூன் 2 என்றும் படித்துவிடலாம்.

சான்றிதழிலேயே தேதி தப்பென்றால் மொழிபெயர்ப்பாளர் மாற்றக்கூடாது. பதிவு செய்த அலுவலகத்தில் திருத்தி வாங்கிய பிறகே மொழிபெயர்க்க வேண்டும்.

மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் எல்லாம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சீல் மட்டும் குத்தித் தருகிறவர்கள் உண்டு.