விபிஎன் வழியாக ஃபைல் காப்பி ஏன் இப்படி இழுக்கிறது?

வீட்டில் 100 எம்பிபிஎஸ் நெட் இருக்கிறது, ஆனால் விபிஎன் போட்டு ஆபீஸ் சர்வரில் இருந்து 30 எம்பி ஃபோல்டரை இழுத்தால் நாலு நிமிஷம் ஆகிறது. கணக்குப்படி மூன்று செகண்டுக்குள் வந்திருக்க வேண்டும். பெரிய பிளானுக்கு மாறும் முன் இதைப் பாருங்கள்.

முதலில் விபிஎன்னில் இருந்தபடியே சர்வருக்கு பிங் போடுங்கள். கீழே உள்ள முகவரிக்குப் பதில் உங்கள் சர்வரின் முகவரியைப் போடுங்கள்.

```
ping 192.168.10.5
```

`time=` என்ற இடத்தில் வருவது ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்பும் நேரம். ஆபீஸுக்குள் 1 மில்லிசெகண்டுக்கும் குறைவாக இருக்கும். உங்களுக்கு 80 வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

விண்டோஸ் ஷேர் சர்வருடன் பேசும் மொழியான எஸ்எம்பி கொஞ்சம் வாயாடி. ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, விவரம் சொல், படி, மூடு என்று தனித்தனியாகக் கேட்கும், பெரும்பாலும் ஒன்றுக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்கும். ஃபைலுக்கு 5 தடவை என்று தோராயமாக வைத்தால், அந்த ஃபோல்டரில் 600 குட்டி ஃபைல்கள் இருக்கும்போது 600 × 5 × 0.08 = 240 செகண்ட். நாலு நிமிஷமும் காத்திருப்பிலேயே போய்விட்டது, லைன் சும்மாதான் கிடந்தது.

உறுதிப்படுத்த, அதே 30 எம்பி அளவில் ஒரே ஒரு ஃபைலை காப்பி செய்து பாருங்கள். அது வேகமாக வந்தால் தாமதம்தான் குற்றவாளி. அதுவும் ஊர்ந்தால் லைனோ விபிஎன் சர்வரோதான் பிரச்சினை, கீழே சொல்வது எதுவும் பெரிதாக உதவாது.

சரி, என்ன செய்யலாம்? கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்காமல் ஒரே நேரத்தில் பல வரிசைகளில் கேட்க வைக்கலாம்:

```
robocopy \\192.168.10.5\projects D:\projects /E /MT:16
```

`/MT:16` என்றால் 16 ஃபைல்கள் ஒரே சமயத்தில். காத்திருப்பு சரியாக 16-ல் ஒரு பங்காகிவிடாது, ஆனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இல்லையென்றால் ஜிப் செய்து ஒரே ஃபைலாக எடுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: உங்கள் லேப்டாப்பில் இருந்தபடி ஷேரில் உள்ள ஃபோல்டரை ஜிப் செய்தால், 600 ஃபைலும் முதலில் விபிஎன் வழியாக உங்களிடம் வந்துதான் ஜிப் ஆகும். ரிமோட் டெஸ்க்டாப்பில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போய் அங்கேயே ஜிப் செய்யுங்கள்.

ஃபோல்டரைத் திறக்கவே நேரமானால் எக்ஸ்ப்ளோரரில் `Details` காட்சிக்கு மாற்றுங்கள், தம்ப்நெயிலுக்காக ஒவ்வொரு படத்தையும் படிப்பது நிற்கும்.

அக்சஸ் டேட்டாபேஸ் மாதிரி ஃபைலை மட்டும் விபிஎன் வழியாகத் திறந்து வேலை செய்யாதீர்கள். அது ஓயாமல் துண்டு துண்டாகப் படித்து எழுதும், நடுவில் லைன் அறுந்தால் ஃபைலே கெட்டுப்போகலாம். அதற்கு ரிமோட் டெஸ்க்டாப்தான்.