மெயிலில் ‘நானா’, ‘நாங்களா’, ‘நாமா’?

வாடிக்கையாளர் ஒருவரின் சர்வரை மாற்றும் வேலை. “வெள்ளிக்கிழமைக்குள் பேக்கப் எடுத்துவிடுவோம்” என்று மெயில் அனுப்பினேன். என் மனதில் இருந்தது ‘நாம்’: டேட்டாபேஸை அவர்கள் எடுப்பார்கள், ஃபைல்களை நான் எடுப்பேன். அவர்களோ ‘நாங்கள்’ என்று படித்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். திங்கட்கிழமை பழைய சர்வரை நிறுத்தியபோது டேட்டாபேஸ் யார் கையிலும் இல்லை. பத்து நாளுக்கு முந்தைய பிரதியிலிருந்துதான் மீட்டோம். அதற்கப்புறம் நான் பின்பற்றும் முறை இது.

1. ‘-ஓம்’ எல்லாவற்றையும் தேடுங்கள். மெயிலை எழுதி முடித்ததும் பிரவுசரில் Ctrl+F அழுத்தி ‘வோம்’, ‘போம்’, ‘றோம்’ மூன்றையும் தேடுங்கள். கொடுக்கும் வாக்கு ‘அனுப்புவோம்’ என்று எதிர்காலத்திலோ, ‘அனுப்புகிறோம்’ என்று நிகழ்காலத்திலோதான் இருக்கும். ஆங்கில மெயில் என்றால் we. தனிக் கருவி எதுவும் வேண்டாம். பெறுநர் முகவரியை மட்டும் கடைசியில் போடுங்கள், அவசரத்தில் பாதியில் போய்விடாது.

2. படிப்பவர் உள்ளே இருக்கிறாரா? நான் சறுக்கிய இடம் இதுதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் we ஒன்றே. தமிழில் நாம், நாங்கள் என்று பிரிவு இருந்தாலும், எழுவாயை விட்டுவிட்டால் ‘எடுப்போம்’ இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது. அதனால் ஒவ்வொரு ‘ஓம்’ முன்னாலும் நாம், நாங்கள் இரண்டையும் வைத்துப் படித்துப் பாருங்கள். ‘நாம்’ வந்தால் வாக்கியத்தை உடைத்துவிடுங்கள்:

“டேட்டாபேஸ் பேக்கப்பை நீங்கள் வியாழன் மாலைக்குள் அனுப்புங்கள். ஃபைல்களை நான் வெள்ளி மதியத்துக்குள் எடுத்துவிடுகிறேன். இரண்டும் கைக்கு வந்ததை நான் உறுதி செய்த பிறகுதான் பழைய சர்வரை நிறுத்துவேன்.”

3. ‘நாங்கள்’ என்றால், முடிவா வேலையா? விலை, தள்ளுபடி, ஒப்பந்த விதி எல்லாம் நிறுவனத்தின் முடிவு. அங்கே ‘நாங்கள்’தான் சரி. “நான் தள்ளுபடி தருகிறேன்” என்று எழுதினால் அது உங்கள் சொந்த வாக்காகிவிடும். தேதி போட்ட வேலைக்கு ‘நாங்கள்’ போதாது. குழுவில் நாலு பேர் இருந்தால், மற்ற மூவரில் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். ‘நான்’ என்றோ, செய்பவரின் பெயரையோ எழுதுங்கள். பெயர் போடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

4. தவறு நடந்திருந்தால். நான் விட்டது என்றால் “நான் கவனிக்கத் தவறிவிட்டேன்”. குழுவில் வேறு யாராவது விட்டிருந்தால், வெளியே போகும் மெயிலில் “எங்கள் பக்கத் தவறு, சரிசெய்யும் பொறுப்பு என்னுடையது”. ஜூனியரின் பெயரை வாடிக்கையாளருக்கு எழுதுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

பின்சேர்க்கை: பொது மெயில் ஐடியிலிருந்து அனுப்பினால் ‘நான்’ யார் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. அங்கே ‘நான்’ என்று எழுதினால், கீழே உங்கள் பெயரும் நேரடி எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். ‘அனுப்பப்படும்’, ‘சரிபார்க்கப்படும்’ என்று எழுதுவதும் இதே சிக்கல்தான். ‘ஓம்’ தேடலில் அவை சிக்காது, ‘படும்’ என்று இன்னொரு முறை தேடுங்கள்.