பெரிய ஏசி வாங்கும் முன் கூரைக்குள் ஒருமுறை ஏறிப் பாருங்கள்

சூரியன் மறைந்து மூன்று மணி நேரம் ஆன பிறகும் மாடி அறையின் சீலிங்கில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? ஏசி ஓடிக்கொண்டே இருந்தும் கட்டிலில் படுத்தால் முகத்தில் அனல் அடிப்பது போலிருக்கிறதா? அப்படியானால் ஏசி சிறியதாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சீலிங்குக்கு மேலே என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் செய்முறை சரிவான கூரையும், அதற்குக் கீழே சீலிங்கும், இரண்டுக்கும் நடுவே காலியான அட்டிக் வெளியும் உள்ள வீடுகளுக்கானது. கான்கிரீட் தளம் நேரடியாகத் தலைக்கு மேல் இருந்தால் காற்றோட்டம் கொடுக்க அங்கே இடமே இல்லை. அதற்கு வெள்ளைப் பூச்சு, மேலே நிழல் என்று வழிகள் வேறு. அதேபோல் கூரையின் அடிப்பக்கத்திலேயே ஃபோம் தெளித்து, அட்டிக்கைக் காற்றுப் புகாமல் மூடியிருந்தால் அதில் துளை போடாதீர்கள். அதை அப்படி மூடியே வைத்திருக்க வேண்டும்.

முதலில் அளவு எடுங்கள்

இரண்டு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர்களும், குறிபார்த்து அழுத்தினால் பரப்பின் வெப்பத்தைக் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்றும் போதும். நல்ல வெயில் நாளில் மாலை நான்கு மணிக்கு நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வெளியே நிழலில், அட்டிக்குக்குள், மாடி அறையின் சீலிங் பரப்பில், அதே அறையின் உட்சுவரில்.

என் வீட்டில் வந்தவை இவை: வெளியே 35 டிகிரி, அட்டிக்கில் 55, சீலிங் 36, உட்சுவர் 28. ஏசி அன்று மதியத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

நான் முக்கியமாகப் பார்ப்பது கடைசி இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். 150 சதுர அடி சீலிங், அறையைவிட 8 டிகிரி சூடாக இருந்தால் அதிலிருந்து சுமார் 650 வாட் வெப்பம் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு டன் ஏசி வெளியே தள்ளுவது ஏறக்குறைய 3,500 வாட். அதாவது ஏசியின் உழைப்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சீலிங்குக்கே போய்விடுகிறது. உங்கள் வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான் என்றால் கூரையை விட்டுவிடுங்கள். வெப்பம் மேற்குச் சன்னல் வழியாக வரக்கூடும், அல்லது ஏசியின் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம்.

விளக்கை அணைத்துவிட்டு வெளிச்சம் தேடுங்கள்

காலை வெயில் ஏறுவதற்குள் அட்டிக்கில் ஏறுங்கள். மதியம் அங்கே வேலை செய்வது ஆபத்து, மயக்கமே வந்துவிடும். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். சீலிங் பலகையில் கால் வைத்தால் கீழ் அறைக்கே வந்துவிடுவீர்கள், மரச்சட்டங்களின் மேல் மட்டும் மிதியுங்கள். பழைய வீட்டில் என்னவென்று தெரியாத இன்சுலேஷன் கிடந்தால் கையால் கிளறவே வேண்டாம், அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு.

உள்ளே போனதும் டார்ச்சை அணைத்துவிட்டுக் கண் இருட்டுக்குப் பழகும்வரை இருங்கள். கூரை சுவரைத் தாண்டி வெளியே நீளும் இறவாரத்தில், அடிப்பக்கமாகக் காற்று நுழையும் வென்ட்கள் இருக்க வேண்டும். அவை திறந்திருந்தால் ஓரங்களில் மங்கிய வெளிச்சக் கோடு தெரியும். எனக்கு ஒரு கோடுகூடத் தெரியவில்லை. வெளியே ஏணி வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு பக்கமும் இரண்டு வென்ட்கள் இருக்கத்தான் செய்தன. ஆனால் எப்போதோ பெயின்ட் அடித்தவர் வலையின் மேலேயே அடித்து, பாதிக் கண்களை அடைத்திருந்தார். உட்பக்கம் அதைவிட மோசம். சீலிங்கின் நடுவில் ஓர் இஞ்ச் கனம்கூட இல்லாத இன்சுலேஷனை ஓரத்தில் மட்டும் பந்து போல் உருட்டித் திணித்து வைத்திருந்தார்கள். மேலே முகட்டில் வென்ட் நீளமாகத் திறந்திருந்தது. நுழைய வழியில்லாத காற்று வெளியேறுவது எப்படி?

சூடான காற்று லேசாகி மேலே போகும். ஆனால் அது முகட்டு வழியே வெளியேற வேண்டுமானால், அதே அளவு காற்று கீழேயிருந்து உள்ளே வர வேண்டும். இறவாரம் அடைபட்டிருந்தால் அந்தக் காற்று வேறு வழி தேடும். அந்த வழி பெரும்பாலும் உங்கள் சீலிங்கில் இருக்கும் ஓட்டைதான்.

சீலிங் ஓட்டைகளை அடையுங்கள்

இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள், காற்றோட்டத்தைக் கூட்டுவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒயர்கள் இறங்கும் துளைகள், குழாய்கள் போகும் சந்துகள், ஏறும் கதவின் விளிம்பு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். துளையைச் சுற்றி இன்சுலேஷன் கருத்திருந்தால் அங்கே காற்று நெடுநாளாகப் போய்வருகிறது என்று அர்த்தம். சிறிய இடைவெளிகளுக்கு சீலன்ட், கொஞ்சம் பெரியவற்றுக்கு ஃபோம், கதவு விளிம்புக்கு ரப்பர் பட்டை. சீலிங்கில் பதித்த விளக்குகளை மட்டும் அப்படியே மூடிவிடாதீர்கள். மூடலாம் என்று விளக்கிலேயே குறிக்கப்படாதவை சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளிக்கும் ஃபோம் கூடாது. அங்கே தகரமும் வெப்பம் தாங்கும் சீலன்டும்தான்.

குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய் அட்டிக்குக்குள்ளேயே முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்படியிருந்தால் அதை வெளியே நீட்டுங்கள், இல்லையென்றால் ஈரம் மரத்தில் பூசணம் பிடிக்க வைக்கும்.

எவ்வளவு திறப்பு வேண்டும்

கூரை வேலை செய்பவர்கள் பரவலாகப் பின்பற்றும் கணக்கு: அட்டிக் தரைப்பரப்பில் 300-இல் ஒரு பங்கு நிகரத் திறப்பு. அதில் ஏறக்குறைய பாதி கீழே, பாதி மேலே. கீழ்ப்பக்கம் சற்றுக் கூடினால் நல்லதே. திறப்புகள் இப்படிப் பிரிந்திராமல் எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் 150-இல் ஒரு பங்கு.

என் அட்டிக் 20 அடிக்கு 30 அடி, அதாவது 600 சதுர அடி. 300-ஆல் வகுத்தால் 2 சதுர அடி. ஒரு சதுர அடிக்கு 144 சதுர இஞ்ச். ஆக, கீழே 144, மேலே 144.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 16 இஞ்சுக்கு 8 இஞ்ச் வென்ட் என்றால் 128 சதுர இஞ்ச் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தகடும் வலையும் அதில் பாதியை விழுங்கிவிடும். நிகரமாகக் கிடைப்பது 64-க்குப் பக்கத்தில்தான். பெட்டியில் நிகரத் திறப்பு என்று அச்சிட்ட எண் இருந்தால் அதையே எடுங்கள். 144-ஐ 64-ஆல் வகுத்தால் இரண்டேகால் வருகிறது, ஆக மூன்று வென்ட் போதும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு வைத்தால் சமமாக இருக்கும். என்னிடம் அவை ஏற்கெனவே இருந்தன! முகட்டு வென்ட் அடிக்கு 18 சதுர இஞ்ச் தரும் ரகம் என்றால் 8 அடி நீளம் போதும், அதுவும் இருந்தது. ஆகப் புதிதாக வென்ட் எதுவும் வாங்க வேண்டியதில்லை, அடைப்பை எடுப்பதுதான் வேலை.

வழியைத் திறப்பது

பெயின்ட் அடைத்த வலைகளைக் கழற்றி, எட்டில் ஓர் இஞ்ச் கண்ணுள்ள புது வலை போட்டேன். அதைவிட நெருக்கமான வலை தூசியால் சீக்கிரம் அடைந்துவிடும். அப்புறம் உள்ளேயிருந்து, திணித்திருந்த இன்சுலேஷனை வெளியே இழுத்தேன். வென்ட் உள்ள ஒவ்வொரு இடத்திலும் கைமரங்களுக்கு இடையில், கூரைப் பலகையை ஒட்டி, காற்றுக்கான தடுப்பு அட்டையைப் பொருத்தினேன். பலகைக்கும் அட்டைக்கும் நடுவே ஓர் இஞ்சாவது இடைவெளி வேண்டும். இனி இன்சுலேஷன் சரிந்தாலும் அந்தப் பாதை மூடாது.

முகட்டு வென்ட் இருக்கும்போது முக்கோணச் சுவரின் மேல்பகுதியில் பழைய ஜன்னல் வென்ட் திறந்திருந்தால் அதை உட்பக்கமாக மூடுங்கள். இரண்டும் அருகருகே இருப்பதால் காற்று ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேறிவிடும், கீழேயிருந்து எதுவும் வராது.

ஃபேன் வைக்கலாமா?

எல்லோரும் கேட்பது இதைத்தான். என் பதில், அவசரப்படாதீர்கள். அட்டிக்கிலிருந்து காற்றை வெளியே இழுக்கும் ஃபேனுக்குக் கீழ் வென்ட்கள் போதவில்லை என்றால், அது நீங்கள் பணம் செலவழித்துக் குளிர்வித்த அறைக் காற்றை சீலிங் ஓட்டைகள் வழியே உறிஞ்சும். ஏற்கெனவே ஃபேன் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதை ஓடவிட்டு, டிஷ்யூ பேப்பரின் மெல்லிய கீற்றை அட்டிக் கதவின் விளிம்பருகே பிடியுங்கள். கீற்று மேல்நோக்கி ஒட்டிக்கொண்டால் அறைக் காற்று போகிறது. வீட்டுக்குள் புகைபோக்கி வைத்த கேஸ் ஹீட்டர் இருந்தால் இது இன்னும் ஆபத்து. வெளியே போக வேண்டிய புகையை இந்த இழுப்பு வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடலாம்.

மறுபடி அளவு

அதே போன்ற ஒரு வெயில் நாளில், அதே நான்கு மணிக்கு: வெளியே 35, அட்டிக் 44, சீலிங் 33, சுவர் 28. வித்தியாசம் எட்டிலிருந்து ஐந்தாகக் குறைந்திருந்தது. இறங்கும் வெப்பமும் 650 வாட்டிலிருந்து 400 அளவுக்கு வந்துவிட்டது.

ஏன் இன்னும் குறையவில்லை? காற்று எடுத்துப்போவது காற்றில் கலந்த வெப்பத்தை மட்டும்தான். காய்ந்த கூரைப் பலகை அடுப்புத் தணல் போலக் கீழ்நோக்கிக் கதிர்வீசிக்கொண்டே இருக்கும். எத்தனை வென்ட் வைத்தாலும் அது நிற்காது. மேலும் 300-இல் ஒரு பங்கு என்ற கணக்கு முதலில் அட்டிக்கின் ஈரத்தைப் போக்கத்தான் உருவானது. அதை இரண்டு மடங்காக்கினாலும் வெப்பம் பாதியாகாது.

மீதிக்கு இன்சுலேஷன்தான். ஓட்டைகளும் அடைத்து, ஓரத்தில் தடுப்பு அட்டைகளும் வைத்தாகிவிட்டதால் எட்டு இஞ்ச் கனத்துக்கு சீராகப் பரப்ப முடிந்தது. இந்த வரிசையை மாற்றினால் பரப்பியதை மறுபடி அள்ள வேண்டியிருக்கும். பரப்பிய பிறகு சீலிங் 29-இல் நின்றது.

இதற்குப் பிறகும் அறை குளிரவில்லை என்றால் அப்போது ஏசிக்காரரை அழைத்து, புது நிலைமைக்கு வெப்பச்சுமைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பழைய சீலிங்குக்கு ஏற்ற பெரிய ஏசியை இப்போது மாட்டினால் அறையை ஐந்து நிமிடத்தில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரமிருக்காது. 24 டிகிரியிலும் போர்வை பிசுபிசுக்கும்.