போச்சம்பள்ளி சந்தையில் ஒரு மாடு: முராபஹாவைப் படிப்படியாகச் சோதிப்பது எப்படி

பொருளாதாரமும் சமயமும் பாடத்தில் இஸ்லாமிய நிதி வரும்போது மாணவர்கள் முதலில் கேட்பது இதுதான்: "வட்டி வாங்க மாட்டோம் என்கிறார்கள், லாபம் மட்டும் வாங்குகிறார்கள், ரெண்டும் ஒன்றுதானே?" நியாயமான கேள்வி. பதிலை ஒரே ஓர் ஒப்பந்தத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பொருளைத் தானே வாங்கி, லாபம் சேர்த்துத் தவணைக்கு விற்கும் அந்த ஒப்பந்தத்தின் பெயர் முராபஹா. இஸ்லாமிய வங்கிகளில் மிகப் பரவலாகப் புழங்குவதும், அதிகம் சந்தேகிக்கப்படுவதும் இதுவே.

கற்பனையாக ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு விவசாயிக்குக் கறவை மாடு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில் 60,000 ரூபாய்க்கு ஒரு மாடு பேசி முடிகிறது. கையில் பணம் இல்லை.

படி 1: எது தடுக்கப்பட்டது என்று வரையறுங்கள்

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 275ஆம் வசனம், வியாபாரத்தை அனுமதித்து ரிபாவை விலக்குகிறது. கடனாகக் கொடுத்த பணத்தின் மீது, நிபந்தனையாக வாங்கும் கூடுதல்தான் இங்கே ரிபா. கந்துவட்டி மாதிரி கொடூரமான வட்டி மட்டும்தான் தடை என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் பெரும்பான்மை அறிஞர்கள் வீதம் சிறிதோ பெரிதோ ஒன்றுதான் என்கிறார்கள். எனவே "ஒரு ரூபாய் வட்டி பரவாயில்லை, அஞ்சு ரூபாய் வட்டிதான் அநியாயம்" என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது.

செல்வம் சேர்ப்பதற்குத் தடை இல்லை. சேர்ந்த பணம் குறைந்தபட்ச அளவை, அதாவது சுமார் 85 கிராம் தங்கத்தின் மதிப்பைத் தாண்டி ஒரு சந்திர ஆண்டு கையில் நின்றால், அதில் 2.5 சதவீதத்தை ஜகாத் எனும் கட்டாய தர்மமாகக் கொடுக்க வேண்டும். பெட்டியில் தூங்கும் பணம் கரையும். வளர வேண்டுமென்றால் வியாபாரத்தில் இறங்க வேண்டும். வியாபாரம் என்றால் பொருள் கைமாற வேண்டும், கைமாறும்வரை அதன் ஆபத்தை யாராவது சுமக்க வேண்டும். அடுத்து வரும் படிகளெல்லாம் இந்த ஆபத்தைச் சுற்றியே போகும்.

படி 2: இரண்டு கணக்கையும் எழுதுங்கள்

முதலில் வட்டிக் கடன். 'ரெண்டு வட்டி', அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். 60,000 ரூபாயை அசலும் வட்டியுமாக 12 சம தவணையில் கட்டினால், மாதம் ஏறத்தாழ 5,674 ரூபாய். மொத்தம் சுமார் 68,100.

அடுத்தது முராபஹா. பணம் போடுபவர் மாட்டை 60,000க்குத் தானே வாங்குகிறார். வாங்கிய விலையையும் தன் லாபத்தையும் மறைக்காமல் சொல்லி, 69,000க்கு விவசாயிக்கு விற்கிறார். மாதம் 5,750 வீதம் 12 தவணை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வட்டி இல்லாத வழிதான் இங்கே விலை கூடுதல்! 9,000 ரூபாய் லாபத்தை 60,000ஆல் வகுத்து "வெறும் 15 சதவீதம்தானே" என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால், உண்மையில் இது மாதம் சுமார் 2.2 சதவீதத்துக்குச் சமம். இஸ்லாமிய நிதி மலிவாக இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. மலிவுதான் வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது: கர்ழ் ஹஸன், அசலை மட்டும் திருப்பித் தரும் கடன். அது தர்ம உணர்வில் கொடுப்பது, லாபத்துக்கானது அல்ல.

அப்படியானால் முராபஹா எதில் வேறுபடுகிறது?

படி 3: தேதிகளை வரிசைப்படுத்துங்கள்

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்தப் படியில்தான். முறையான வரிசை இது: விவசாயி "நீங்கள் வாங்கினால் நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று வாக்குறுதி தருகிறார்; பணம் போடுபவர் சந்தையில் மாட்டை வாங்கித் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார்; அதன்பின் தனியாக ஒரு விற்பனை ஒப்பந்தம் எழுதப்படுகிறது. வாக்குறுதியும் விற்பனையும் ஒரே தாளில் ஒரே கையெழுத்தாக இருக்கக் கூடாது.

நடுவில் இருக்கும் இடைவெளி சில மணி நேரமாகக்கூட இருக்கலாம். ஆனால் சந்தையிலிருந்து டெம்போவில் ஏற்றி வரும் வழியில், விற்பனை எழுதுவதற்கு முன் மாடு விழுந்து செத்தால் நஷ்டம் பணம் போட்டவருக்கு. விவசாயி ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. அந்த 9,000 ரூபாய்க்கான நியாயம் இந்த ஆபத்தில்தான் இருக்கிறது. வட்டிக்குக் கொடுப்பவருக்கு மாடு செத்தாலும் ஒன்றுதான், இருந்தாலும் ஒன்றுதான்.

ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்லிவிட வேண்டும். விற்பனை முடிந்து மாடு தொழுவத்துக்கு வந்த பின், நான்காம் மாதம் செத்தால்? மாடு அப்போது விவசாயியுடையது. மீதித் தவணையை அவர் கட்டியே ஆக வேண்டும். முராபஹா அங்கே அவரைக் காப்பாற்றாது.

போலியை எப்படி அறிவது? பணத்தை ரொக்கமாக விவசாயி கையிலேயே கொடுத்து, "நீயே வாங்கிக்கோ, இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்று முடித்தால் அது கடன்தான், தலைப்பு மட்டும் முராபஹா. விவசாயியையே முகவராக்கி வாங்கச் சொல்ல விதிகளில் இடமுண்டு. ஆனால் அப்போதும் மாடு முதலில் பணம் போட்டவருக்காக வாங்கப்பட்டு, அதன்பின் தனி விற்பனை நடக்க வேண்டும். விற்பனைத் தாளின் தேதி சந்தை ரசீதின் தேதிக்கு முந்தியிருந்தால் மேற்கொண்டு பார்க்கத் தேவையே இல்லை. விவசாயி ஏற்கெனவே வைத்திருக்கும் மாட்டை வாங்குவதாகவும் அவருக்கே திருப்பி விற்பதாகவும் எழுதுவதும் பழைய தந்திரம்தான். சந்தையில் ஒழுங்கான பில் கிடைக்காது என்பதால், சாட்சிகளையும் மாட்டின் காது வில்லை எண்ணையும் எழுதி வைப்பது நல்லது.

படி 4: தவணை தவறினால் என்ன ஆகிறது?

பால் வற்றி, இரண்டு மாதம் கட்ட முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டிக் கடனில் நிலுவை மீது வட்டி ஏறும், அபராத வட்டியும் சேரலாம். முராபஹாவில் 69,000 என்பது பேசி முடித்த விலை. தாமதத்துக்காக அது 69,001 ஆகக் கூடாது. கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தரச் சொல்கிறது அதே அத்தியாயத்தின் 280ஆம் வசனம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வசதி இருந்தும் வேண்டுமென்றே இழுத்தடிப்பவரை என்ன செய்வது? அதற்காகப் பல வங்கிகள் தாமதக் கட்டணம் என்று ஒரு விதி வைத்து, அந்தத் தொகையைத் தன் வருமானத்தில் சேர்க்காமல் தர்மத்துக்குக் கொடுக்கின்றன. ஒப்பந்தத்தைப் படிக்கும்போது அந்தப் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று தேடுங்கள். கொடுத்தவர் கணக்குக்கே போனால் வட்டி பின்வாசல் வழியாக வந்துவிட்டது என்று பொருள்.

படி 5: நம் நாட்டுச் சட்டத்தோடு ஒட்டிப் பாருங்கள்

கிருஷ்ணகிரியில் உள்ள ஒரு வங்கிக் கிளைக்குப் போய் முராபஹா கேட்டால் கிடைக்காது. காரணம் சமயம் அல்ல. 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வங்கிகள் பொருள் வாங்கி விற்கும் வியாபாரத்தில் ஈடுபடுவதைத் தடுக்கிறது. முராபஹாவுக்கு உயிரே அந்த வாங்கி விற்றல்தான். 2008இல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. 2017இல் அந்த யோசனையை மேற்கொண்டு கொண்டுசெல்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவெடுத்தது.

பயிற்சிக்கு: செல்போன் கடையில் 'வட்டியில்லாத் தவணை' என்று எழுதியிருக்கும் ஒரு தாளை வாங்கி வாருங்கள். போனைக் கடைக்காரரிடமிருந்து யார் வாங்கினார், நிதி நிறுவனம் ஒரு நிமிடமாவது அதற்கு உரிமையாளராக இருந்ததா, தவணை தவறினால் அபராதம் யாருக்குப் போகிறது என்ற மூன்றையும் தாளின் வரிகளிலிருந்தே எடுத்து எழுதுங்கள்.